கைமாத்துக்கு ஒரு தேதி வையுங்கள்

*கேள்வி: நானும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்தே கூட்டாளிகள். அவன் களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கான், ரெண்டு கறவை மாடும் உண்டு. போன ஆவணியில உரத்துக்கும் கூலிக்கும்னு 60,000 ரூபாய் கைமாத்து கேட்டான். ஜிபேயில போட்டு விட்டேன். "வாழை வெட்டினதும் தாரேன்"னான். நான்தான் "மெதுவா தா மாப்ள, என்ன அவசரம்"னேன். சித்திரையில இருந்து தார் வெட்டுதான். துட்டைப் பத்திப் பேச்சே இல்லை. மகளுக்கு ஜூன் 30க்குள்ள காலேஜ் ஃபீஸ் 25,000 கட்டணும். வீட்ல, "அவன் பெண்டாட்டிட்ட நான் கேட்டுருதேன்"ங்கா. ஆடியில அவங்க ஊர்க் கோயில் கொடைக்கு எப்பவும் போல கூப்பிட்டிருக்கான். கேட்டா உறவு போயிருமோன்னு இருக்கு. என்ன செய்யட்டும்? — ஒரு வாசகர், சேரன்மகாதேவி*

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க இதுவரை ஒரு காரணமும் இல்லை. "மெதுவா தா" என்று நீங்கள் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொன்ன "வாழை வெட்டினதும்" என்ற கெடு அந்த ஒரு பேச்சோடு கரைந்துபோனது. இன்று இந்தக் கடனுக்குத் தேதியே கிடையாது. தேதி இல்லாத கடனை நினைவூட்டப் போனால் சாதாரணப் பேச்சுகூடக் குத்திக்காட்டுவது போலத்தான் விழும். அதனால் பணத்தைக் கேட்பதற்கு முன், அன்று சொன்ன சொல்லை உங்கள் வாயாலேயே திரும்ப எடுக்க வேண்டும். அதை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

வாழை வெட்டியும் ஏன் தரவில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், கோபம் பாதி அதிலேயே இறங்கிவிடும். தோட்டத்தில் தார் எல்லாம் ஒரே நாளில் முதிர்வதில்லை. வெட்டு பல வாரம் நீளும், துட்டும் துண்டு துண்டாகத்தான் கைக்கு வரும். வந்த துட்டில் எதை முதலில் அடைப்பார்? கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் அதைத்தான். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, தவறினால் வட்டி ஏறும். நகை அடகில் இருந்தால் அடுத்தது அது, ஏலத்துக்குப் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. பிறகு உரக்கடை, அங்கே பாக்கி நின்றால் அடுத்த மூட்டை வராது. அதன்பின் தோட்டம் குத்தகை என்றால் குத்தகைப் பணம், வெட்டுக்கூலி. இவர்கள் எல்லாருமே கேட்கிறவர்கள், அல்லது கட்டாவிட்டால் நஷ்டம் வைக்கிறவர்கள். வட்டியும் கேட்காமல், வாய் திறந்தும் கேட்காமல் இருக்கிற ஒரே ஆள் நீங்கள். உங்கள் முறை கடைசியில்தான் வரும், அது வருவதற்குள் துட்டு தீர்ந்துவிடும். உங்கள் மேல் மதிப்பில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. அந்த வரிசையில் உங்களுக்கும் ஓர் இடம் பிடிப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.

பேசுவதற்கு முன் கணக்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபேயிலோ பாஸ்புக்கிலோ எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் போனதா, இரண்டாகப் போனதா என்பதுகூட முக்கியம். "அறுபதா? ஐம்பதுன்னுல்லா நெனச்சேன்" என்று அவர் சொல்லிவிட்டால், பேச்சு அந்தப் பத்தாயிரத்தின் மேல் திரும்பிக் கசந்துவிடும். தேதியோடு தெரிந்திருந்தால், "ரெண்டு தடவையா போட்டேன் மாப்ள, தேதி இந்தா இருக்கு" என்று ஒரு வரியில் முடியும்.

அதோடு உங்களுக்கு நீங்களே ஒன்றை முடிவு செய்யுங்கள். உடனே வேண்டியது 25,000. மீதி 35,000 இந்த மாதமே வந்தாக வேண்டிய பணம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் போய் மொத்தமாக 60,000 கேட்டால், அவ்வளவும் கையில் இல்லாத ஒருவர் ஒன்றும் தராமலேயே திரும்புவார். 25,000 கேட்டால் 15,000-மாவது புரட்டித் தர அவருக்கு வழி இருக்கிறது. ஃபீஸை முழுக்க இவரை நம்பியே விட்டுவிடாதீர்கள். அவர் தராவிட்டால் எதை வைத்துக் கட்டுவது என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று வழி கையில் இருந்தால்தான் அவரோடு பேசும்போது குரல் பதறாது.

அடுத்தது நேரம். கொடை ஆடியில் என்றால், தலைக்கட்டு வரி ஆனியிலேயே பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வரி கொடுத்து, வீட்டில் எல்லாருக்கும் துணி எடுத்து, வெளியூர் விருந்தாளிகளுக்கும் சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டால் அவர் கையில் எதுவும் நிற்காது. ஆகவே அதற்கு முன்னால், இந்த வாரத்திலேயே பேசுங்கள். கால்நாட்டு ஆனபிறகு கேட்பது நல்லதல்ல. கொடை அன்று கேட்கவே கூடாது. ஆனால் கொடைக்குக் கட்டாயம் போங்கள். துட்டுப் பேச்சு நடந்துவிட்டதே என்று இந்த வருடம் போகாமல் இருந்தால் ஊரே ஏன் என்று கேட்கும், அவருக்கும் பதில் சொல்ல முடியாது. கடன் கேட்டதால் முறிந்த நட்பு என்று சொல்வதில் பல, உண்மையில் கேட்டபின் முகம் காட்டாமல் இருந்ததால் முறிந்தவை.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் வாழை சாய்கிற காலம் இது. கூப்பிடுவதற்கு முன் அந்தப் பக்கம் காற்று எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்டம் சாய்ந்திருந்தால் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், துட்டுப் பேச்சை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். இரண்டாவது, செவ்வாய், வெள்ளியிலும் விளக்கு வைத்த பிறகும் துட்டு வெளியே கொடுக்காத வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்த நாளில் கேட்டால், "இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா" என்ற பதில் தயாராக இருக்கும். புதன் அல்லது வியாழன், காலை பத்து மணிக்கு மேல், தோட்ட வேலை ஓய்ந்த நேரம் பார்த்துப் போனில் கூப்பிடுங்கள். முதல் தடவை வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டாம். போன் அவர் பிள்ளைகள் கையில் இருக்கலாம். எழுத்தில் உங்கள் குரலும் கேட்காது. டீக்கடை, கல்யாண வீடு, கூட்டாளிகள் கூடி நிற்கிற இடம் எதிலும் கேட்காதீர்கள். நேரில் என்றால் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள்.

இனி என்ன சொல்வது. நலம் விசாரித்து, வெயில் பேசி, வாழை விலை பேசி, கடைசியில் போனை வைக்கும்போது "அப்புறம் அந்த..." என்று இழுக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அவ்வளவு நேரம் பேசியதெல்லாம் இதற்குத்தானா என்று அவருக்குத் தோன்றிவிடும். இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு நேராக இப்படிச் சொல்லலாம்:

"மாப்ள, ஒரு விசயம் நேராக் கேட்டுருதேன். ஆவணியில அறுபது போட்டு விட்டேம்லா, அப்பம் மெதுவா தான்னு சொன்னது நான்தான். இப்பம் பிள்ளைக்கு ஃபீஸ் வந்துட்டு. 28ஆம் தேதிக்குள்ள இருபத்தஞ்சு வேணும், அதை மட்டும் முதல்ல தந்துருதியா? மிச்சத்துக்கு எப்பம் தோதுப்படும்னு நீயே சொல்லு."

இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். "மெதுவா தான்னு சொன்னது நான்தான்" என்றதும், தாமதத்துக்கு அவரைக் குற்றம் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். பழைய பேச்சு முடிந்தது என்பதும் தெரியும். தொகையும் தேதியும் சொல்லிவிட்டதால் அவர் மனதில் கணக்குப் போட ஆரம்பிக்க முடியும். ஃபீஸுக்குக் கடைசி நாள் 30 என்றாலும் 28 என்று சொல்வது, இரண்டு நாள் முன்பின் ஆனால் தாங்குவதற்காக. மீதிக்குத் தேதி அவரே சொல்லும்படி விட்டால், அது நீங்கள் வைத்த கெடுவாக இல்லாமல் அவர் கொடுத்த வாக்காக நிற்கும். "எப்பம் தருவ?" என்று மட்டும் கேட்டால், "தாரேன் மாப்ள" என்பதே முழுப் பதிலாகிவிடும். உங்களுக்கும் அதற்கு மேல் கேட்க வழியிருக்காது.

சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். அவர் பக்கம் மௌனமாக இருந்தால் நமக்குப் பதற்றமாகும், "சரி சரி, இல்லேன்னா பரவால்ல, பாத்துக்கிடலாம்" என்று நாமே வாயை விட்டுவிடுவோம். அதோடு சொன்னதெல்லாம் வீண், மறுபடியும் "மெதுவா தா" என்ற இடத்தில் போய் நிற்பீர்கள். நாலைந்து விநாடி பொறுங்கள், அவர் பேசுவார்.

இன்னொன்று, பொய்க் காரணம் சொல்ல வேண்டாம். உங்களுக்கு இருப்பது உண்மையான காரணம், அது போதும். தேவை இல்லாதபோது கேட்கிறவர்கள் ஆஸ்பத்திரி, அவசரம் என்று கதை கட்டுகிறார்கள். இருவருக்கும் பொதுவான கூட்டாளி ஒருவர் மூலம் அது ஒரே வாரத்தில் வெளியே வந்துவிடும்.

அவர் "சரி, 28க்குள்ள போட்டுருதேன்" என்றால் நல்லது. "பாக்கேன் மாப்ள" என்றால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். "சரி, தோட்டத்துக் கணக்கைப் பாத்துக்கோ. ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடுதேன், எவ்வளவு முடியும்னு சொல்லிரு" என்று அடுத்த பேச்சுக்கு ஒரு நாள் குறியுங்கள். ஞாயிறு காலை கட்டாயம் கூப்பிடுங்கள். நீங்கள் சொன்ன நாளை நீங்களே விட்டுவிட்டால், அவர் சொல்லும் நாளுக்கும் மதிப்பு இருக்காது.

"கையில ஒண்ணும் இல்ல மாப்ள, வெட்டின துட்டெல்லாம் கடனுக்கே போயிட்டு" என்று சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். அப்போது மொத்தத்தை விட்டுவிட்டு அவருக்கு எந்த வழியில், எப்போது துட்டு வருகிறது என்று பாருங்கள். வாழை வருடத்தில் சில வாரம்தான் துட்டு தரும், ஆனால் மாடு வருடம் முழுக்கப் பால் கொடுக்கிறது. இன்னும் வெட்டாமல் நிற்கிற தாரிலிருந்து ஜூனுக்குள் 10,000. பால் துட்டிலிருந்து ஆடி முதல் வரும் சித்திரை வரை பத்து மாதம், மாதம் 3,000 வீதம் 30,000. அடுத்த வெட்டில் மீதி 20,000. இப்படி அறுபதும் முடிந்துவிடும். 3,000 அதிகம் என்றால் 2,000 ஆக்குங்கள். பால் துட்டில் 20,000 வரும், அடுத்த வெட்டுக்கு 30,000 நிற்கும். தொகை சிறிதாக இருப்பதில் தவறில்லை, ஒரு மாதம்கூட விடாமல் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். தாங்காத தவணையை வைத்து இரண்டாம் மாதமே தவறினால், அவர் வெட்கப்பட்டு போனை எடுக்காமல் இருக்க ஆரம்பிப்பார். நீங்கள் பயப்படும் பிரிவு அங்கேதான் தொடங்கும்.

அவர் கந்துவட்டிக்கும் வாங்கியிருப்பதாகப் பேச்சில் தெரிந்தால், உங்கள் தவணையை முடிந்தவரை குறைத்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே அதீத வட்டிக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அந்தக் கடனை அடைக்க உங்களிடம் மேலும் கேட்டால் கொடுக்க வேண்டாம். பழைய கணக்கு முடியாமல் புதுக் கைமாத்து கொடுப்பது இருவருக்கும் நல்லதல்ல.

பேசிய அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். "மாப்ள, காலையில பேசினபடி 28ஆம் தேதி 10,000, ஆடியில இருந்து மாசம் 3,000, மிச்சம் 20,000 அடுத்த வெட்டுல. சரிதானா?" என்று இருந்தால் போதும். அவர் "சரி" என்று போடுவார். பிறகு இருவர் நினைவும் வேறு வேறாக இருக்காது. பணத்தை வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். கடன் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அதை ரொக்கமாகத் திருப்புவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

சட்டப்படி காலக்கெடு பற்றிப் பயம் வேண்டாம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்குப் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம் உண்டு. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அந்தக் கெடு முடிவதற்குள், இவ்வளவு பாக்கி உண்டு என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். வாட்ஸ்அப் "சரி"யை மட்டும் அதற்கு நம்பியிருக்க வேண்டாம். தவணை இழுத்து இரண்டரை வருடம் ஆகிவிட்டால், ஒரு தாளில் பாக்கியை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதே போய்ப் புரோநோட்டு கேட்காதீர்கள். கொடுக்கும்போது கேட்டிருந்தால் அது வழக்கம், கொடுத்துப் பத்து மாதம் கழித்துக் கேட்டால் நம்பிக்கை போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உங்கள் வீட்டம்மா அவர் மனைவியிடம் கேட்பதாகச் சொன்னதைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கு இந்தக் கடனே தெரியாமல் இருக்கலாம். தெரியாத மனைவியிடம் போய்க் கேட்டால் அன்றிரவு அந்த வீட்டில் சண்டை நடக்கும், அதற்குக் காரணம் நீங்களாகிவிடுவீர்கள். பொதுக் கூட்டாளியிடம் சொல்லி விடுவதும் அப்படித்தான். மூன்றாவது ஆளுக்குத் தெரிந்துவிட்டது என்பதே அவருக்குக் கடனைவிடப் பெரிய அவமானமாக இருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நன்றி, துரோகம் என்று வாசகம் வைப்பதையும் விட்டுவிடுங்கள். அது அவரைத் தவிர எல்லாருக்கும் புரியும், அவருக்குப் புரிந்தாலோ பேச்சு நின்றுவிடும்.

மொய்யையும் கடனையும் கலந்துவிடாதீர்கள். நாளை அவர் வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது, "எனக்குத் தரவேண்டியதுல கழிச்சிக்கோ" என்று மொய் எழுதாமல் வந்தால், மொய் நோட்டில் உங்கள் பெயர் இருக்காது. அவர் அப்பா, மாமனார், சொக்காரர் எல்லாரும் பார்க்கிற நோட்டு அது. கடன் உங்கள் இருவருக்குள், செய்முறை இரண்டு வீட்டுக்குள். வழக்கம்போல எழுதிவிட்டு வாருங்கள்.

அதேபோல அவர் உங்கள் வீட்டுக்கு ஒரு ஏத்தன் தார் கொடுத்து அனுப்பலாம். விலை பேசாமல் வருகிற தாரைக் கணக்கில் கழிக்காதீர்கள். அது கூட்டாளி அனுப்பியது. "கடன்ல வச்சுக்கோ" என்று அவரே சொன்னால் அப்போதே விலை கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி, பாக்கியில் குறைத்துவிடுங்கள். பேசாமல் விட்டால் அவர் மனதில் அந்தத் தார் கழிந்திருக்கும், உங்கள் மனதில் கழிந்திருக்காது. கடைசித் தவணையில் இரண்டு கணக்கும் ஒத்துவராது.

சொன்ன தேதி தவறினால் மறுநாள் காலையே கூப்பிடுங்கள். இரண்டு வாரம் மனதுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டுக் கூப்பிட்டால் குரலில் அது வந்துவிடும். "நேத்து 28 ஆயிட்டுல்லா மாப்ள, எந்த நாள்ல போடுத?" என்பது போதும், ஏன் போடவில்லை என்று கேட்க வேண்டாம். புது நாள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி வாங்கிய புது நாளும் இரண்டு தடவை தவறினால், தவணை அவருக்குத் தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நேரில் போய் உட்கார்ந்து தொகையைக் குறைத்து வையுங்கள். குறைத்த தவணையும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்றால் மட்டும், அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரை, அவரிடம் சொல்லிவிட்டு, நடுவில் வையுங்கள். சொல்லாமல் வைத்தால் அது புகார் ஆகிவிடும்.

முதல் தவணை வந்த அன்று, தாமதமாகவே வந்திருந்தாலும், உடனே போன் செய்து, "வந்துட்டு மாப்ள, பத்து. இனி அம்பது" என்று வந்ததையும் பாக்கியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் அப்படியே செய்யுங்கள். அதன்பின் தோட்டத்தில் காற்று எப்படி இருக்கிறது, கொடைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேளுங்கள்.